உப்பளத்தில் எது முதலில் படியும், ஏன்? தொழில்துறை வேதியியல் கட்டுரைக்கு ஒரு வழிகாட்டி

கடல்நீரை வெயிலில் வற்றவைத்து உப்பெடுப்பது பற்றித் தொழில்துறை வேதியியலில் கட்டுரை கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் உப்பின் வரலாறு, உப்பின் பயன்கள், உப்பளத்தின் படம் என்று பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். நான் டியூஷனில் பார்க்கும் வரைவுகளில் பாதி அப்படித்தான் இருக்கும். வேதியியல் எங்கே என்று தேடினால் கடைசிப் பத்தியில் ஒரு வரி கிடைக்கும்: ‘கரைதிறன் குறைந்த உப்பு முதலில் படிகிறது’. அந்த ஒரு வரியும் அரைகுறை உண்மைதான்.

ஆகவே கட்டுரையை ஒரே கேள்வியைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் வற்றும்போது உப்புகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக, குறிப்பிட்ட வரிசையில் படிகின்றன? அந்த வரிசையை உப்பளக்காரர் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்? இதற்குக் கணக்கோடு பதில் எழுதினால் போதும். தொடக்கக் கல்லூரி வேதியியல் தெரிந்தவர்கள் பின்பற்றும் அளவில்தான் கீழே சொல்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஆழம் போகலாம்.

முதல் படி: 1,000 லிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்

பொதுவாகப் பேசினால் கட்டுரை காற்றில் மிதக்கும். 1,000 லிட்டர் கடல்நீரை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசிவரை விடாமல் பின்தொடருங்கள். ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்பு உள்ள வழக்கமான பெருங்கடல் நீர் என்றால், அந்த 1,000 லிட்டரில் மொத்தம் சுமார் 36 கிலோ உப்பு இருக்கும்.

கரைசலில் இருப்பவை அயனிகள்தான். ஆனாலும் கடைசியில் எந்த வடிவில் வெளியே வரும் என்று பார்த்து அவற்றைப் பிரித்து எழுதலாம். சோடியம் குளோரைடு சுமார் 28 கிலோ. மெக்னீசியம் குளோரைடு 3 கிலோவுக்குச் சற்று மேல். மெக்னீசியம் சல்பேட் 2 கிலோவுக்குச் சற்று மேல். ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட், 1.7 கிலோ அளவு. பொட்டாசியம் குளோரைடு முக்கால் கிலோ. கால்சியம் கார்பனேட் வெறும் 100 கிராம் அளவுதான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடல்நீரில் கால்சியத்தைவிடச் சல்பேட் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம், மோல் கணக்கில். ஆகவே ஜிப்சமாகப் படியும்போது முதலில் தீர்ந்துபோவது கால்சியம்தான். சல்பேட்டில் மூன்றில் இரண்டு பங்கு கரைசலிலேயே தங்கி, கடைசியில் மெக்னீசியத்தோடு சேரும். கடைசி நீர் ஏன் கசக்கிறது என்பதற்கான காரணம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் படி: ‘கரைதிறன் குறைந்தது முதலில்’ என்பதைத் திருத்துங்கள்

சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், பொட்டாசியம் குளோரைடும் சோடியம் குளோரைடும் 25 டிகிரியில் ஏறக்குறைய ஒரே அளவுதானே கரையும்? அப்போ ரெண்டும் சேர்ந்துதானே படியணும்?”

சரியான கேள்வி. 100 கிராம் நீரில் சோடியம் குளோரைடு 36 கிராம் கரையும், பொட்டாசியம் குளோரைடு 35.5 கிராம். கரைதிறன் அட்டவணை மட்டுமே வரிசையைத் தீர்மானித்தால், பொட்டாசியம் உப்பு ஒரு மயிரிழை முன்னதாக வந்திருக்க வேண்டும். நடப்பதோ வேறு. சாப்பாட்டு உப்பில் பெரும்பகுதி படிந்து முடிந்தபிறகும் பொட்டாசியம் கரைசலிலேயே இருக்கிறது.

காரணம் அளவு. கடல்நீரில் சோடியம் அயனிக்கு நாற்பத்தைந்தில் ஒரு பங்குதான் பொட்டாசியம். நீர் பதினொரு மடங்கு செறிவடையும்போது சோடியம் குளோரைடு தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பொட்டாசியமோ அப்போது தன் எல்லைக்கு அருகில்கூட வந்திருக்காது. ஆக, ஓர் உப்பு எப்போது படியும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. அதன் எல்லை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அது எவ்வளவு கையிருப்போடு கிளம்புகிறது என்பது மற்றொன்று. கால்சியம் கார்பனேட் மிகச் சிறிய கையிருப்போடு கிளம்பினாலும் அதன் எல்லை அதைவிடத் தாழ்வு, அதனால் முதலில் படிகிறது. சோடியம் குளோரைடின் எல்லை உயரம்தான், ஆனால் கையிருப்பு மிகப் பெரிது, அதனால் நடுவில் வருகிறது. மெக்னீசியம் குளோரைடுக்கு எல்லை உயரம், கையிருப்பு நடுத்தரம். அது கடைசி.

இந்தப் பத்தியை உங்கள் சொற்களில் எழுதிவிட்டால் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: இரண்டு கணக்குகள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் சோடியம் குளோரைடு, அது எளிது.

கடல்நீரில் ஒரு கிலோ நீருக்குச் சோடியம் 0.486 மோல், குளோரைடு 0.566 மோல். இரண்டையும் பெருக்கினால் 0.275. தூய நீரில் தெவிட்டிய உப்புக்கரைசலில் இரண்டும் 6.1 மோல், பெருக்கினால் சுமார் 37. நீர் f மடங்கு செறிவடைந்தால் கடல்நீரின் பெருக்கம் f² மடங்கு ஏறும்.

```
0.275 × f² = 37
f² ≈ 135
f ≈ 11.6
```

கணக்கின்படி, நீர் 11.6 மடங்கு செறிவடைந்ததும் உப்பு படியத் தொடங்க வேண்டும். நடைமுறையில் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில், கொஞ்சம் முன்னதாகவே படிகிறது. கரைசலில் உள்ள மெக்னீசியம் அயனிகள் நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், சோடியத்துக்கும் குளோரைடுக்கும் கிடைக்கும் நீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பதே முக்கியக் காரணம். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருகிறதே என்பதையும், ஏன் கொஞ்சம் விலகுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேர்வாளர் தேடுவது அதைத்தான்.

அடுத்தது ஜிப்சம். இது ஒரு பொறி. பாடநூலில் ஜிப்சத்தின் கரைதிறன் பெருக்கம் 3.1 × 10⁻⁵ என்று இருக்கும். கடல்நீரில் கால்சியம் 0.0106, சல்பேட் 0.0292. பெருக்கினால் 3.1 × 10⁻⁴. அதாவது எல்லையைப் போலப் பத்து மடங்கு! இந்தக் கணக்கை நம்பினால், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் அலையோடு ஜிப்சம் ஒதுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை.

பிழை பெருக்கலில் இல்லை. கரைதிறன் பெருக்கம் என்பது அயனிகளின் செறிவைப் பற்றியது அல்ல, அவற்றின் செயல்திறனைப் பற்றியது. உப்பு மிகுந்த நீரில் ஒவ்வொரு கால்சியம் அயனியைச் சுற்றியும் எதிர்மின் அயனிகளின் கூட்டம் இருக்கிறது. சல்பேட்டில் ஒரு பகுதி மெக்னீசியத்தோடும் சோடியத்தோடும் இணைந்து திரிகிறது. ஆகவே இருக்கும் அயனிகளில் சிறு பகுதிதான் தாராளமாக வினைக்கு வருவதுபோல நடந்துகொள்கிறது. கடல்நீரில் கால்சியத்துக்கு இந்தப் பகுதி சுமார் 0.2, சல்பேட்டுக்குச் சுமார் 0.1. இவற்றைச் சேர்த்துப் பெருக்கினால் 6 × 10⁻⁶ வருகிறது. அது எல்லையில் ஐந்தில் ஒரு பங்குதான். இப்போது கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறது: கடல்நீர் ஜிப்சத்துக்கு இன்னும் தெவிட்டவில்லை, நீர் வற்ற வேண்டும்.

எவ்வளவு வற்ற வேண்டும்? 0.2, 0.1 என்ற அந்தக் கெழுக்கள் மாறாமல் இருந்தால் 2.2 மடங்கு செறிவே போதும். ஆனால் நீர் செறிவாகச் செறிவாக அவையும் குறைந்துகொண்டே போகின்றன. எனவே உண்மையில் மூன்றரை மடங்கு அளவில்தான் தெவிட்டுகிறது. அங்கேயும் ஜிப்சம் உடனே படிந்துவிடாது. படிக விதை இல்லாமல் நீண்ட நேரம் தெவிட்டல் கடந்த நிலையிலேயே நின்றுகொண்டிருக்கும். நிஜ உப்பளத்தில் நீர் நாலில் ஒரு பங்காகவோ ஐந்தில் ஒரு பங்காகவோ சுருங்கும்போதுதான் அது கண்ணில் படும் அளவுக்கு வருகிறது.

சோடியம் குளோரைடு கணக்கில் செயல்திறனை ஏன் விட்டுவிட்டோம் என்று யாராவது கேட்டால், இதோ பதில். அங்கே நாம் ஒப்பிட்டது இரண்டு செறிவான கரைசல்களை. இரண்டிலும் விலகல் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் அது பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. ஜிப்சத்தின் எண்ணோ மிக நீர்த்த நிலைக்கு உரியது. அதைக் கொண்டுவந்து உப்பு மிகுந்த நீரின் செறிவோடு நேரடியாக ஒப்பிட்டதால் கணக்கு தடம் புரண்டது.

நான்காம் படி: நீரைப் பாத்தி பாத்தியாகப் பின்தொடருங்கள்

இப்போது உப்பளத்துக்குப் போகலாம். சிங்கப்பூரில் உப்பளம் இல்லை. நம் தாத்தா பாட்டி ஊர்களில் இருக்கிறது: தூத்துக்குடி, வேதாரண்யம். உதாரணத்துக்குத் தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்துவிடும். மழை ஓய்ந்ததும் ஜனவரி வாக்கில் பாத்திகளைச் சீர்செய்து, தரையை மிதித்து இறுக்கி, அடுத்த மழை வரும்வரை உப்பு எடுப்பார்கள்.

உப்பளத்தின் மையக் கருத்து இதுதான்: நீரை ஒரே இடத்தில் வற்றவிடுவதில்லை. ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு குளத்திலும் ஓர் உப்பைக் கழித்துவிட்டு மிச்ச நீரை அடுத்ததற்கு அனுப்புகிறார்கள். எப்போது அனுப்புவது என்பதை நாள்கணக்கு சொல்லாது. வெயில் ஒரு நாள்போல் மறுநாள் இருக்காது. அடர்த்திதான் சொல்லும். மிதவைமானியை நீரில் விட்டு, போமே அளவில் படித்துக்கொள்கிறார்கள். நீரைவிட அடர்த்தியான திரவத்துக்கு அதன் வாய்ப்பாடு:

```
°Bé = 145 − 145 / d
```

d என்பது ஒப்படர்த்தி. கடல்நீருக்கு d = 1.025. போட்டுப் பார்த்தால் 3.5 டிகிரி.

நம் 1,000 லிட்டர் அங்கிருந்து புறப்படுகிறது. முதல் குளத்தில் அது பாதியாக வற்றும்போது கால்சியம் கார்பனேட் படிகிறது. கொஞ்சம் இரும்பும் சேற்றோடு சேரும். 100 கிராம்தான் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அடுத்த குளங்களில் 13 டிகிரி வாக்கில், அதாவது ஒப்படர்த்தி 1.10ஐ நெருங்கும்போது, ஜிப்சம் தொடங்குகிறது. குளத்தின் தரையில் சொரசொரப்பான கெட்டிப் படலமாக அது ஒட்டிக்கொள்ளும், வெறுங்காலால் மிதித்தால் தெரியும். 25 டிகிரி வரும்வரை நீர் இந்தக் குளங்களிலேயே இருக்கிறது. அதற்குள் ஜிப்சத்தின் பெரும்பகுதி விழுந்துவிடும்.

25 அல்லது 25.5 டிகிரியில், ஒப்படர்த்தி 1.21 அளவில், நீரைப் படிகப் பாத்திகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். இப்போது நம்மிடம் எவ்வளவு நீர் மிச்சம்? சுமார் 100 லிட்டர்தான். இந்த எண்ணிடம் கொஞ்சம் நில்லுங்கள். முதல் உப்புப் படிகம் தெரிவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிவிட்டது. எந்த உப்பளத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாலும், உப்பு வாரும் பாத்திகள் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மற்றதெல்லாம் வெறும் ஆவியாக்கும் குளம். ஏன் என்ற கேள்விக்கு நம் கணக்கே பதில் சொல்லிவிடுகிறது.

இந்த வரிசையை முதன்முதலில் கவனமாக எடைபோட்டுக் காட்டியவர் உசிக்லியோ என்ற வேதியியலாளர். 1849இல் மத்தியதரைக் கடல் நீரை வற்றவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எது எவ்வளவு படிந்தது என்று பதிவு செய்தார். பாதியில் கார்பனேட், ஐந்தில் ஒரு பங்கில் ஜிப்சம், பத்தில் ஒரு பங்கில் உப்பு என்று இன்றும் பாடநூல்களில் வரும் எண்களுக்கு அந்த அளவீடுதான் வேர். அவருடைய பதிவில் மாணவர்கள் தவறவிடும் ஒரு விவரம் உண்டு. சாப்பாட்டு உப்பு படியத் தொடங்கிய பிறகும் ஜிப்சம் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டேதான் இருந்தது. கோடு போட்டாற்போல ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குவதில்லை. வெயில் உப்பில் எப்போதும் கொஞ்சம் கால்சியம் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் படி: எங்கே நிறுத்துவது

இதுதான் கட்டுரையின் தொழில்துறைப் பகுதி. பாத்தியில் நீர் 25.5 டிகிரியிலிருந்து 29 டிகிரி வரை ஏறும்போது நம் 28 கிலோவில் சுமார் நாலில் மூன்று பங்கு, அதாவது 21 கிலோ அளவு, படிந்துவிடுகிறது. மீதி 7 கிலோ இன்னும் நீரில்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் வற்றவிட்டால் அதிலும் பாதி கிடைக்குமே, ஏன் விடுகிறார்கள்?

மெக்னீசியம்தான் காரணம். 29 டிகிரியில் நீர் முப்பது லிட்டர் சொச்சமாகச் சுருங்கியிருக்கும். கடல்நீரில் இருந்த மெக்னீசியம் அத்தனையும் அந்தச் சிறு அளவுக்குள் அடைந்து கிடக்கிறது. அதற்கு மேல் போனால் உப்போடு சேர்ந்து மெக்னீசியம் சல்பேட்டும் விழத் தொடங்கும். அதற்கு முன்பேகூட, உப்புப் படிகம் வளரும்போது அந்தக் கசப்பு நீரைச் சிறு சிறு குமிழ்களாகத் தனக்குள் அடைத்துக்கொள்கிறது. நீர் கசக்கக் கசக்க, படிகமும் கசக்கும். மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதால் உப்பு மூட்டையிலேயே கசிந்து கட்டிபிடிக்கும். ஆகவே 29 அல்லது 30 டிகிரியில் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதைப் பிட்டர்ன் என்பார்கள். பொட்டாசியம், மெக்னீசியம், புரோமின் ஆகியவற்றுக்கு அது தனியொரு மூலப்பொருள்.

வாரிய உப்பைத் தூய நீரில் கழுவினால் உப்பே கரைந்து போய்விடும். அதனால் தெவிட்டிய உப்புநீரில் கழுவுகிறார்கள். அந்த நீரால் இனி உப்பைக் கரைக்க முடியாது, படிகத்தின் மேல் ஒட்டிய மெக்னீசியத்தை மட்டும் அடித்துக்கொண்டு போகும். படிகத்துக்குள் அடைபட்ட குமிழ்களை அது தொடாது. காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கும் சவ்வு மின்கலங்களுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கோடியில் சில பங்குகூட ஆகாது. எனவே அங்கே கழுவிய உப்பையும் கரைத்து, சோடா சேர்த்து, அயனிப் பரிமாற்றப் பிசினில் விட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள். உப்பளத்தில் ஒரு டிகிரி தாமதித்தால் அந்தச் செலவு ஆலையில் ஏறும். கட்டுரையில் பொருளாதாரம் பேச வேண்டுமென்றால் இந்த இடம் போதும்.

மழையையும் ஒரு வாக்கியத்தில் கணக்கிட்டுச் சொல்லுங்கள். 10 மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர் நீர். அது முழுக்கக் கலந்தால் 3.6 கிலோ உப்பைக் கரைத்துவிடும். ஆனால் மழைநீர் இலேசு, அடர்ந்த உப்புநீருக்கு மேலே கொஞ்ச நேரம் தனி அடுக்காக நிற்கும். காற்று கலக்கிவிடுவதற்குள் மேல்நீரை மட்டும் வடித்துவிட்டால் பாத்தி தப்பிக்கும்.

ஆறாம் படி: வீவக வீட்டில் ஒரு தட்டு

சொந்தத் தரவு இருந்தால் கட்டுரைக்கு எடை கூடும். ஆனால் சிங்கப்பூரில் இதைச் செய்யும்போது வரும் சிக்கல் எந்தப் பாடநூலிலும் விரிவாக இருக்காது. அதனால்தான் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஐந்து லிட்டர் கடல்நீர் எடுத்துவந்து, காப்பி வடிதாளில் வடிகட்டுங்கள். மழை பெய்த அன்றும், வாய்க்கால் கலக்கும் இடத்திலும் எடுக்க வேண்டாம். நம் நீரிணையின் நீர் பெருங்கடலைவிடக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், கிலோவுக்கு 30 கிராம் அளவு. அதனால் அடர்த்தி 1.02க்குக் கீழே காட்டினால் மிதவைமானி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். 30 கிராம் என்று வைத்தால் உங்கள் ஐந்து லிட்டரில் சோடியம் குளோரைடு சுமார் 120 கிராம், ஜிப்சம் 7 கிராம். கார்பனேட் அரை கிராமைத் தாண்டாது, தட்டின் ஓரத்தில் வெள்ளைக் கறையாகத் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தட்டு வேண்டும், உலோகம் வேண்டாம். 30 × 40 சென்டிமீட்டர் தட்டில் ஊற்றினால் ஆழம் 4 சென்டிமீட்டர் வரும். வெயில் படும் சன்னலோரம் வைத்து, ஒரு சிறிய மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். அடர்த்திக்கு மிதவைமானி இல்லையென்றால் கவலை இல்லை. தூய நீரை 50 மில்லி குடுவையில் குறிவரை நிரப்பி எடை பாருங்கள், பிறகு அதே குடுவையில் உங்கள் நீரை நிரப்பி எடை பாருங்கள். இரண்டின் விகிதம்தான் ஒப்படர்த்தி. குடுவையின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது.

நீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது தட்டின் அடியில் விரலால் தடவினால் மணல்போல நெருடும். அதுதான் ஜிப்சம். அதில் கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டால் பொங்காது. பொங்கினால் கார்பனேட். 1.20ஐ அடர்த்தி தொட்டதும் நீரை மட்டும் மெதுவாகச் சாய்த்து, சுத்தமான சிறிய தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பலரும் இதைச் செய்யாமல் ஒரே தட்டில் கடைசிவரை வற்றவிட்டு, ஜிப்சத்தின் மேலேயே உப்பைப் படியவிட்டு, பிறகு ‘எல்லாம் கலந்துவிட்டது’ என்று எழுதுகிறார்கள். பெரிய தட்டில் அப்போது மிஞ்சும் நீர் சில மில்லிமீட்டர் ஆழம்தான், படிகம் வளரவும் இடமிருக்காது. உப்பளத்தில் ஏன் தனித்தனிக் குளம் என்பதை உங்கள் சமையலறையே நிரூபித்துவிடும்.

சிறிய தட்டில் நீர் 400 மில்லி சொச்சமாகும்போது மேற்பரப்பில் சின்னச் சின்னச் சதுரங்கள் மிதக்கத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் நடுவில் குழிந்து, ஓரம் படிப்படியாக ஏறிய தலைகீழ்ப் பிரமிடு தெரியும். மேற்பரப்பில் ஆவியாதல் வேகமாக இருப்பதால் ஓரங்கள் முதலில் வளர்கின்றன. தட்டை லேசாகத் தட்டினால் மூழ்கிவிடும். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் சிங்கப்பூர் குறுக்கே நிற்கும். தெவிட்டிய உப்புநீரின் மேலுள்ள நீராவி அழுத்தம், தூய நீரின் மேலுள்ளதில் 75 சதவீதம்தான். நீரும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்து, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75ஐத் தாண்டினால், உப்புநீர் வற்றாது. மாறாகக் காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் சராசரி ஈரப்பதமே 80க்கு மேல், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். ஆகவே காலை ஏழு மணிக்கு எடை போட்டால் முந்தின நாள் மாலையைவிடக் கூடியிருக்கும். இராத்திரி யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை போட வேண்டாம். பிற்பகலில் ஈரப்பதம் 60, 70க்கு இறங்கும், வெயிலில் தட்டும் காற்றைவிடச் சூடாகும். அப்போதுதான் வற்றும். மாலையில் தட்டை இறுக்கமாக மூடிவைத்து, காலையில் வெயில் ஏறியதும் திறங்கள். இல்லையென்றால் குளிர்சாதனம் ஓடும் அறையில் விசிறியோடு வையுங்கள். திறந்த தட்டின் காலை, மாலை எடைகளை ஈரப்பத அளவோடு ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினால், சிங்கப்பூரில் ஏன் உப்பளம் இல்லை என்பதற்கு மழையைத் தவிர இன்னொரு காரணமும் கிடைக்கும்.

சுமார் 90 கிராம் உப்பு சேர்ந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சிய கசப்பு நீரை இயல்பான காற்றில் முழுக்க உலர்த்தவே முடியாது. தெவிட்டிய மெக்னீசியம் குளோரைடு கரைசல் வற்ற வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கும் கீழே வர வேண்டும். நம் ஊரில் அது நடக்காது. அவசரப்பட்டு அடுப்பில் வறுக்கவும் கூடாது. நீரேறிய மெக்னீசியம் குளோரைடு அதிகச் சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும், கண்ணும் தொண்டையும் எரியும். கிடைத்த உப்பைச் சாப்பிடவும் வேண்டாம். கப்பல் போக்குவரத்து மிகுந்த நீரிணையின் நீர் அது.

எழுதும்போது

முடிவுகளை அட்டவணையாகப் போடும்போது முதல் நிரலில் நாள் எண்ணைப் போடாமல் ஒப்படர்த்தியைப் போடுங்கள். பக்கத்தில் நீரின் அளவு, எது படிந்தது, எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று வரட்டும். பள்ளி ஆய்வகம் கிடைத்தால், ஜிப்சம் என்று நீங்கள் நினைத்ததைக் கொஞ்சம் நீரில் கரைத்து, அமிலம் சேர்த்து, பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். வெள்ளை வீழ்படிவு வந்தால் சல்பேட் இருப்பது உறுதி. ஒட்டியிருக்கும் கசப்பு நீரும் அதே பதிலைத் தரும் என்பதால், சோதிக்கும் முன் படிவைச் சில துளி தூய நீரில் கழுவிக்கொள்ளுங்கள்.

அடர்த்தி பார்க்கும்போது நீரின் வெப்பநிலையையும் எழுதிவையுங்கள். வெயிலிலிருந்து எடுத்த சூடான நீரும் குளிர்சாதன அறையில் ஆறிய நீரும் ஒரே கரைசலுக்கு வேறு வேறு எண் காட்டும். எப்போதும் அறைக்குள் ஆறவைத்தபிறகே அளப்பது நல்லது. அடர்ந்த கரைசல் ஆறும்போது அடியில் கொஞ்சம் படிகம் விழுந்தால், அளப்பதற்கு முன் அது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.